சில வாரம் பொறுங்கள்

அன்புள்ள ஐயா,

என் நெருங்கிய நண்பனின் தம்பி பத்து நாள் முன்பு வீட்டிலேயே மாரடைப்பில் இறந்துவிட்டார். நான் வெளியூரில் இருந்ததால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. மறுநாள் நண்பன் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில், “தம்பி போய்விட்டான். சில வாரம் யாரும் எதுவும் கேட்காதீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். நானே பேசுகிறேன்” என்று போட்டிருந்தான். பலமுறை அழைத்தும் எடுக்கவில்லை. துக்கம் கேட்க வேண்டாம் என்பது எந்த ஊர் வழக்கம்? இத்தனை வருட நட்புக்கு இதுதான் மரியாதையா? நான் நேரில் போகலாமா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

அழைப்பதை முதலில் நிறுத்துங்கள். வேண்டாம் என்று எழுதியவரைப் பலமுறை அழைத்திருக்கிறீர்கள். தம்பியைப் பறிகொடுத்தவர் உங்கள் மனத்தாங்கலையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமா? மரியாதை பற்றிய கேள்வியை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

வழக்கம் பற்றிக் கேட்டீர்களே, அது வெகுநாளாக என் மனத்தில் உறுத்திக்கொண்டிருப்பது. நம் ஊர்த் துக்க வீட்டில் பேசாமல் இருப்பதற்கு இடம் இருந்தது. வந்தவர் கையைப் பிடிப்பார், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார், ‘போய்வருகிறேன்’ என்று சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவார். அப்படிச் சொல்வது ஆகாது என்பார்கள். அதில் வீட்டாருக்கு ஒரு பெரிய நிம்மதி இருந்தது: எழுந்து வந்து யாரையும் வழியனுப்ப வேண்டியதில்லை. யூதர்களின் ஏழு நாள் துக்கமான ஷிவாவிலும், துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேச்சைத் தொடங்கக் கூடாது என்பது முறை.

தொலைபேசியில் இது நடக்காது. அங்கே பேசாமல் உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் எல்லோரும் ஒரே கேள்விக்கு வருகிறார்கள்: எப்படி நடந்தது?

என் அம்மா இறந்தபோது நானும் அதற்குப் பதில் சொன்னேன். விடியற்காலையில் நெஞ்சுவலி, ஆட்டோ, பாதி வழியில் மூச்சு நின்றது. கேட்பவருக்கு அது புதுச் செய்தி. எனக்கு மறுபடியும் அந்த ஆட்டோ. சொல்லி முடித்ததும் விசாரணை தொடங்கும். முந்தின நாளே அறிகுறி இல்லையா, ஏன் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, ஆம்புலன்ஸை அழைத்திருக்கலாமே. அன்போடு கேட்டவர்கள்தான் எல்லோரும். ஆனால் ஒவ்வொருவரும் அம்மாவின் சாவில் என் பங்கு என்ன என்று கேட்டதாகவே எனக்குப் பட்டது. மாலைக்குள் வாக்கியங்கள் மனப்பாடமாகிவிட்டன. அம்மாவின் முகத்தை நினைத்தால் அந்த வாக்கியங்கள்தான் வந்தன. அப்போது அத்தான் என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டு திண்ணைக்குப் போனார். வந்த அழைப்புகளுக்கெல்லாம் மூன்றே விஷயம் சொன்னார்: இன்ன நேரத்தில் இறந்தார், காரியம் இன்ன தேதியில், அவன் பிறகு பேசுவான். யாராவது மேலே கேட்டால், “அது வேண்டாமே” என்பார். அந்த மனிதருக்கு நான் பட்ட கடன் தீராது.

உங்கள் நண்பருக்குத் திண்ணையில் அத்தான் இல்லை போலிருக்கிறது. அதனால் தானே எழுதிப் போட்டிருக்கிறார். ஸ்டேட்டஸ் இருபத்து நான்கு மணி நேரத்தில் மறைந்துவிடும். பார்க்காதவர்கள் இன்னமும் அழைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். யாரிடம் விவரம் கேட்பது என்றும் அதில் இல்லை. நீங்கள் செய்யக்கூடியது இங்கேதான் இருக்கிறது. அவருடைய மைத்துனரோ சித்தப்பா மகனோ ஒருவரைப் பிடியுங்கள். இருவருக்கும் பொதுவான குழுக்களில், அவர் பேரைக் கேட்டு வருகிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்வதாக ஏற்றுக்கொள்ளுங்கள். மரணத்தைப் பதிவு செய்தாயிற்றா என்று அந்த உறவினரிடமே விசாரியுங்கள். ஆஸ்பத்திரியில் நடந்த மரணத்தை ஆஸ்பத்திரியே தெரிவித்துவிடும். வீட்டில் நடந்ததை வீட்டார்தான் தெரிவிக்க வேண்டும். 21 நாளுக்குள் என்றால் கட்டணம் இல்லை. தாமதக் கட்டணம் அதன்பிறகு. 30 நாள் தாண்டினால் அதிகாரியின் அனுமதிக்கும் அலைய வேண்டும். இறப்புச் சான்றிதழ் இல்லாமல் வாரிசுச் சான்றிதழும் நகராது, வங்கிக் கணக்கும் நகராது. அவர் கேட்டிருக்கும் சில வாரத்தில் இந்த அலைச்சலும் அடக்கம். ஒரு நாள் வரிசையில் நீங்கள் போய் நில்லுங்கள்.

நேரில் இப்போது போக வேண்டாம். ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: “செய்தி பார்த்தேன். பதில் வேண்டாம். உன் தம்பி எனக்கும் தம்பிதான். பதினாறாம் நாளுக்குப் பிறகு வந்து பார்க்கிறேன். வேண்டாம் என்றால் ‘பிறகு’ என்று மட்டும் எழுது.” அதன்பின் கண்ணீர்ப் பொம்மைகள், பொன்மொழிகள் எதுவும் வேண்டாம். காரியம் முடிந்து பந்தல் பிரித்தபின் உறவு முழுவதும் ஊர் திரும்பிவிடும். அமைதி கேட்ட மனிதரைப் பலரும் அப்படியே மறந்துவிடுவது அப்போதுதான். அந்த நாளை இப்போதே காலண்டரில் குறியுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு விலக்கு உண்டு. தானும் போய்விட வேண்டும் என்று அவர் பேசுவதாகவோ, நாள்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் இல்லை என்றோ அந்த உறவினர் சொன்னால், குறித்த நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே கிளம்பிப் போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416. அதை அந்த உறவினரிடம் இன்றே கொடுத்து வையுங்கள்.