மூன்று வருட கொட்டேஷனில் விலை உயர்வை எவ்வளவு சேர்ப்பது?

"பழைய வண்ணாரப்பேட்டையில் 12 மெஷின் போட்டு ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறோம். ஒரு பள்ளி வருடத்துக்கு 2,000 செட், மூன்று வருடத்துக்கும் ஒரே விலை கேட்கிறது. இன்றைய கணக்கில் செட் 600 ரூபாய். வீட்டுச் செலவைப் பார்த்தால் வருடத்துக்கு 10 சதவீதம் ஏறுகிறது. ரிசர்வ் வங்கி 4 சதவீதம் என்கிறது. எதை நம்புவது? இப்போதே கடன் வாங்கித் துணியை அடுக்கி வைத்துவிடலாமா சார்?"

துணியை அடுக்க வேண்டாம். விலை உயர்வை 4 சதவீதத்தை ஒட்டியே போடுங்கள். துணிக்கு மட்டும் ஒரு தனி நிபந்தனை சேர்த்துக்கொள்ளுங்கள். காரணத்தை, துணியை அடுக்கும் உங்கள் யோசனையிலிருந்தே தொடங்குகிறேன், விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் ஓ.டி. கணக்குக்கு வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 6 லட்சம் ரூபாய்க்குத் துணி வாங்கி ஒரு வருடம் வைத்திருந்தால் வட்டி மட்டும் 66,000 ரூபாய். துணி 10 சதவீதம் ஏறினால் 60,000 ரூபாய் மிச்சம். வட்டி கிட்டத்தட்ட அடைந்துவிடும். 4 சதவீதம் மட்டும் ஏறினால் மிச்சம் 24,000. கையை விட்டுப் போவது 42,000. வட்டி அதே 11தான். அது உங்களுக்கு லேசாகத் தெரிவதும் பாரமாகத் தெரிவதும், விலை எவ்வளவு ஏறும் என்று நீங்கள் நினைப்பதைப் பொறுத்தது. 10 ஏறும் என்று எல்லோரும் நினைத்தால் எல்லோரும் கடன் வாங்கி அடுக்குவார்கள். எம்.சி. ரோடு மொத்தக் கடைக்காரர் விலையைக் கூட்டுவார், தையல்காரர் பீஸ் ரேட்டை உயர்த்திக் கேட்பார், கட்டட உரிமையாளர் வாடகையை ஏற்றுவார். ஒருவருடைய உயர்வு அடுத்தவருக்குச் செலவாகி, கடைசியில் 10 நிஜமாகவே வந்து நிற்கும். எதிர்பார்ப்பே விலையை இழுக்கும் விதம் இது.

இந்தச் சுழலை அறுக்கத்தான் எல்லோரும் ஒரே மாதிரி நம்பக்கூடிய ஓர் எண் வேண்டும். 2009 முதல் 2013 வரை சில்லறைப் பணவீக்கம் பெரும்பாலும் 10 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அன்று ரிசர்வ் வங்கிக்குச் சட்டம் விதித்த எண் எதுவும் இல்லை. 2014 ஜனவரியில் உர்ஜித் படேல் குழு 4 சதவீத இலக்கைப் பரிந்துரைத்தது. 2016-ல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டது. இலக்கு 4, மேலே 2, கீழே 2 வரை விலகலாம். வட்டியைத் தீர்மானிப்பது ஆறு பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு. சராசரிப் பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் இந்த வரம்பைத் தாண்டினால், ஏன் தவறியது, எப்போது சரியாகும் என்று ரிசர்வ் வங்கி அரசுக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஆக, 4 என்பதை ஆரூடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நிறுவனம் தலையில் ஏற்றுக்கொண்ட கடமை அது.

வாக்குக்கு மதிப்பு வருவது சோதனைக் காலத்தில்தான். 2022-ல் சறுக்கியது. ஏப்ரலில் பணவீக்கம் 7.79 சதவீதம், அந்த ஆண்டு முதல் மூன்று காலாண்டுகளும் வரம்புக்கு வெளியே போயின, அரசுக்கு அறிக்கையும் எழுத வேண்டி வந்தது. மே 4 அன்று வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல் வங்கிகளுக்குத் தரும் கடனுக்கான ரெப்போ வட்டியை 4-லிருந்து 4.40 ஆக்கினார்கள், 2023 பிப்ரவரிக்குள் 6.50. தாமதமான தொடக்கம் என்பது என் கருத்து. ஆனால் தொடங்கிய பிறகு பின்வாங்கவில்லை, அதன் பலனை அடுத்த ஆண்டே பார்த்தோம்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். சென்னை ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்கு விற்றது. அந்த மாதப் பணவீக்கம் 7.44 சதவீதம். ரிசர்வ் வங்கி வட்டியைத் தொடவில்லை. அக்டோபரில் 4.87-க்கு இறங்கிவிட்டது. தக்காளி வரத்து கூடியது ஒரு காரணம். இன்னொன்றையும் கவனியுங்கள்: உணவும் எரிபொருளும் நீங்கலான மற்றப் பொருட்களுக்கு அந்தச் சூடு பரவவில்லை. தக்காளி ஏறியதற்காகத் தையல் கூலியோ வாடகையோ ஏறவில்லை. மக்களின் எதிர்பார்ப்பு 4-ஐ ஒட்டி நங்கூரம் போட்டு நிற்கிறது என்று சொல்ல நான் பார்க்கும் அடையாளம் இதுதான்.

வீட்டில் தெரியும் 10 சதவீதமும் பொய்யில்லை. ரிசர்வ் வங்கி சென்னை உட்பட பல நகரங்களில் வீடு வீடாகக் கேட்கும் கருத்துக்கணிப்பில், நிஜப் பணவீக்கம் 5-ஐ ஒட்டி இருந்த காலத்திலும் அடுத்த வருடத்துக்கு 8 முதல் 10 என்றே மக்கள் சொல்லிவந்தார்கள். தினம் வாங்கும் பால், காய், மீன் விலை மனதில் பதிகிறது. ஏறாத விலை பதிவதில்லை. அதனால் அந்தக் கணிப்பில் எண்ணின் உயரத்தை நம்பாதீர்கள். அது முன்பைவிடக் கூடுகிறதா குறைகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

இனி உங்கள் 600 ரூபாய். துணி 340, தையல் கூலி 150, நூல், பட்டன், மின்சாரம், வாடகை 60, லாபம் 50 என்று பிரிப்போம். எல்லாவற்றுக்கும் 10 போட்டால் 600, 660, 726, சராசரி 662. மாற்றாக, துணிக்கு வருடம் 4 சதவீதம் போட்டால் மூன்று வருடச் சராசரி 354. மீதி 260-க்கு 6 சதவீதம் போடுங்கள். கூலி பொது விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏறினால்தான் நல்ல தையல்காரர் உங்களிடம் நிற்பார். அதன் சராசரி 276. மொத்தம் 630. செட்டுக்கு 32 ரூபாய் வித்தியாசம், 6,000 செட்டுக்கு 1.92 லட்சம். 662 போட்டுவிட்டு ஆர்டர் பக்கத்துத் தெருவுக்குப் போவதுதான் இங்கே பெரிய ஆபத்து.

துணிக்குத் தனி நிபந்தனை எதற்கு என்றால், 4 என்பது மக்கள் வாங்கும் எல்லாப் பொருட்களும் சேர்ந்த கூடையின் சராசரி. பஞ்சு விலை ரிசர்வ் வங்கியின் கையில் இல்லை. 2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அப்படி ஒரு வருடம் வந்தால் எந்த இலக்கும் உங்களைக் காப்பாற்றாது. அதனால் ஒப்பந்தத்தில் இப்படி எழுதுங்கள்: துணி மீட்டர் விலை, இன்றைய பில்லில் இருந்து வருடத்துக்கு 4 சதவீதம் ஏறுவதாகக் கணக்கிட்ட விலையைவிட 6 சதவீதத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ, அந்த அளவுக்கு மேற்பட்ட வித்தியாசத்தை இருவரும் பாதிப் பாதி ஏற்பது. குறைந்தால் பள்ளிக்கும் லாபம் என்பதால் ஒத்துக்கொள்வார்கள். இன்றைய துணி பில்லின் நகலையும் ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள்.

இந்தக் கணக்கை எப்போது மாற்ற வேண்டும்? ஒரு மாத எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். உணவு, எரிபொருள் நீங்கலான விலைகளும் சேர்ந்து ஏறி, மூன்று காலாண்டுகளாக 6-க்கு மேலேயே நின்றால் 4-ஐ விட்டுவிடுங்கள். அதற்கு முன்பே உங்கள் மேசைக்கே ஓர் அறிகுறி வரும். துணிக்கடைக்காரர் தரும் விலைப்பட்டியலின் அடியில் "30 நாட்களுக்குச் செல்லும்" என்று இருப்பது 7 நாளாகி, பிறகு "பில் போடும் நாளின் விலை" என்று மாறும். ஒரு கடை மட்டும் அப்படி எழுதினால் அது துணிச் சந்தையின் பிரச்சினை. நூல்காரரும் பட்டன்காரரும் டெம்போக்காரரும் அதையே சொல்லத் தொடங்கினால், அடுத்த பள்ளிக்கு மூன்று வருட விலை கொடுக்காதீர்கள். ஒரு வருடத்துக்கு மட்டும் கொடுங்கள்.