முடிச்சு ஏன் அவிழ்கிறது? ஒட்டுப்பட்டையும் லேஸும்: கேள்வி பதில்

டீச்சர், மகனுக்கு ஆறு வயது. லேஸ் கட்டத் தெரியும். ஆனால் மதியத்துக்குள் மூன்று முறை அவிழ்ந்துவிடுகிறது. பழையபடி வெல்க்ரோ ஷூவே வாங்கிவிடலாமா? (வேலந்தாவளம்)

வாங்குவதற்கு முன், அவன் கட்டிய முடிச்சை மேலிருந்து ஒருமுறை பாருங்கள். பூமுடிச்சின் இரு காதுகளும் பாதத்துக்குக் குறுக்காக, இடமும் வலமுமாகப் படுத்திருந்தால் முடிச்சில் குறையில்லை. ஒரு காது விரல்களை நோக்கியும் மற்றது கணுக்காலை நோக்கியும் திரும்பி நின்றால், அடிமுடிச்சையும் மேல்முடிச்சையும் அவன் ஒரே திசையில் சுற்றியிருக்கிறான் என்று பொருள். எவ்வளவு இறுக்கினாலும் அந்த முடிச்சு நடக்க நடக்கத் தானே நெகிழும்.

சென்ற ஜூனில், பள்ளி திறந்த வாரத்தில், கொழிஞ்சாம்பாறையில் என் வகுப்புப் பையன் ஒருவனுக்கும் இதே தொல்லைதான். அவன் வலது முனையை இடதின் மேல் போட்டு அடிமுடிச்சு இடுவான். பிறகு இரண்டு காதுகளை மடித்து, மறுபடியும் வலதையே இடதின் மேல் கொண்டுவந்து நுழைப்பான். காது மடிக்கும் பழக்கத்தை நான் தொடவில்லை. அடிமுடிச்சில் மட்டும் இடது முனையை மேலே போடச் சொன்னேன். காதுகள் அப்போதே குறுக்காகப் படுத்தன. மாலை மணி அடிக்கும்வரை அவிழவுமில்லை. பழகிய கை பழைய வழிக்கே ஓடும் என்பதால், இடது பக்க லேஸின் நுனியில் ஒரு வாரத்துக்குச் சிவப்பு நூல் சுற்றிவைத்தேன்: "சிவப்பு முதலில் மேலே."

இதற்குப் பிறகும் அவிழ்ந்தால் லேஸை மாற்றிப் பாருங்கள். வழுவழுப்பான உருண்டை நைலான் லேஸைவிடத் தட்டையான பருத்தி லேஸ் நன்றாகப் பிடித்து நிற்கும்.

அப்படியென்றால் இரட்டை முடிச்சு போடச் சொல்கிறீர்களா? என் மகளுக்கு நான் அப்படித்தான் போட்டு அனுப்புகிறேன். (சித்தூர்)

நான் சொன்னது இரட்டை முடிச்சை அல்ல, திசையை. இரட்டை முடிச்சு நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் மழையில் நனைந்து இறுகிவிட்டால் குழந்தையால் அவிழ்க்க முடியாது. கணினி அறை வாசலில் ஷூவைக் கழற்ற முடியாமல் கண்கலங்கி நிற்கும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

ஒட்டுப்பட்டை பிள்ளைகளின் விரல்களைச் சோம்பேறியாக்குகிறது. எங்கள் காலத்தில் நான்கு வயதிலேயே கட்டினோம். ஒன்றாம் வகுப்பிலேயே லேஸைக் கட்டாயமாக்க வேண்டாமா? (வாளையாற்றிலிருந்து ஒரு தாத்தா)

விரல்களுக்கு வேலை வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன், ஐயா. அந்த வேலையைக் காலை எட்டு மணி அவசரத்தில் கொடுப்பதில்தான் உடன்பாடில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து முதல் ஏழு வயதுக்குள் இது கைகூடுகிறது. நான் வயதைவிடக் கையைத்தான் பார்ப்பேன். சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறதா, கத்தரிக்கோலால் வெட்டும்போது மற்றக் கை காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கிறதா என்று கவனிப்பேன். பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து மல்லிகையை இரண்டிரண்டாக வைத்து நாரில் கட்டப் பழகிய பிள்ளைகள் லேஸை விரைவாகப் பிடித்துக்கொள்வதையும் கண்டிருக்கிறேன்.

அதுவரை பள்ளிக்கு ஒட்டுப்பட்டை ஷூவே போகட்டும். கற்பிப்பதை ஞாயிற்றுக்கிழமை, ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் எல்லாம் கட்டிவிட்டு, காதுகளை இழுத்து இறுக்குவதை மட்டும் குழந்தைக்கு விடுங்கள்; அது பழகியபின் நுழைப்பதையும், பிறகு காது மடிப்பதையும் விடுங்கள். இவ்வாறு செய்தால் ஒவ்வொரு முறையும் முடிச்சை முடித்துவைப்பது குழந்தையாகவே இருக்கும்.

மகன் இடதுகைக்காரன். நான் காட்டினால் குழம்பிப்போகிறான். (மீனாட்சிபுரம்)

வலதுகைப் பிள்ளைக்கு வலதுகைக்காரர் பக்கத்தில் அமர்ந்து காட்ட வேண்டும். உங்கள் மகனுக்கோ நீங்கள் எதிரே அமருங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் உங்கள் வலதுகை செய்வதை அவன் இடதுகை செய்யும். சில இடதுகைப் பிள்ளைகள் வலதுகை வழியையே எளிதாகக் கற்றுக்கொள்வதும் உண்டு. எவருக்கு எது பொருந்தும் என்று என்னால் முன்கூட்டிச் சொல்ல முடிந்ததில்லை.

மழை தொடங்கியதும் ஒட்டுப்பட்டை ஒட்டுவதே இல்லை. ஈரத்தில் கெட்டுவிடுமா? (கோவிந்தாபுரம்)

ஈரத்தால் அது கெடுவதில்லை. சொரசொரப்பான பக்கத்தின் நுண்ணிய கொக்கிகளுக்குள் சேறும் சாக்ஸ் நூலும் அடைந்துகொள்வதுதான் காரணம். நன்றாகக் காயவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, சிக்கிய நூலை ஊசிமுனையால் எடுத்துவிடுங்கள். கழுவும்போது பட்டையை ஒட்டியே வையுங்கள். மெத்தென்ற பக்கம் பஞ்சுபோல் பிரிந்து தேய்ந்திருந்தால் எந்தச் சுத்தமும் உதவாது. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் புதிய பட்டை தைத்து வாங்குங்கள்.