பாட்டில் மணல் வடிகட்டி: எது நிற்கும், எது நழுவும்?

நீர் சுத்திகரிப்பு நிலைய ஆய்வகம் ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவன், அறிவியல் கண்காட்சிகளில் நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். கவிழ்த்த பாட்டிலில் மணலும் கூழாங்கல்லும் போட்ட மாதிரியை எத்தனை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. கேளுங்கள்.

எட்டாம் வகுப்பு மாணவன்: சார், ஊத்தின தண்ணியைவிட வெளியே வர்ற தண்ணி கலங்கலா இருக்கு. ரெண்டு நாள்ல கண்காட்சி!

பயப்படாதே தம்பி, மணலைக் கழுவாமல் போட்டிருக்கிறாய். பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் மணலுக்குள் பொடிமண் ஒளிந்திருக்கும், அதுதான் இறங்கி வருகிறது. எல்லாவற்றையும் கொட்டிவிடு. வாளியில் மணலைப் போட்டு, அதைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் விட்டு, கைவிட்டு நன்றாகக் கலக்கி, பத்து நொடி பொறுத்து மேல்தண்ணீரைச் சாய்த்துவிடு. எட்டு, பத்து முறையாவது செய்ய வேண்டியிருக்கும். கலக்கிய உடனேயே அடியில் இருக்கும் உன் விரல் தெரிந்தால் போதும் என்று அர்த்தம். கூழாங்கல்லுக்கும் அதே வேலை. கடற்கரை மணலாக இருந்தால் வேண்டாம், உப்பை வைத்துச் செய்யும் சோதனை எல்லாம் அதனால் குழம்பும்.

ஒரு மாணவியின் அப்பா: கூழாங்கல் மேலே இருந்தால்தானே பெரிய அழுக்கை முதலில் பிடிக்கும்? பொண்ணு அதை அடியில் போடணும் என்கிறாள்.

இந்தப் பாட்டிலுக்கு உங்கள் பெண் சொல்வதுதான் சரி. ஆனால் நீங்கள் சொல்வதும் முழுத் தவறில்லை, பெரிய நிலையங்களில் பருமனான, எடை குறைந்த நிலக்கரித் துகளை மேலேயும் மணலை அதற்குக் கீழேயும் போடுவது உண்டு. கூழாங்கல் விஷயம் வேறு. மேலே போட்டால் அதன் இடைவெளியில் இலையும் குச்சியும் நிற்கும், கலங்கல் அப்படியே நழுவிவிடும். அதற்கு உண்மையான வேலை அடியில்தான்: மணல் ஒழுகிப்போகாமல் தாங்க வேண்டும், தண்ணீருக்கு வழியும் விட வேண்டும்.

2 லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து, வாயில் மெல்லிய துணி கட்டி, துளையிட்ட மூடியைத் திருகுங்கள். கீழிருந்து மேலே, விரல்நுனி அளவு கூழாங்கல் 4 செ.மீ., பட்டாணி அளவுக் கல் 3 செ.மீ., பருமணல் 2 செ.மீ., நன்றாகச் சலித்த பொடிமணல் 12 செ.மீ. பருமணலை வீண் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு அடுக்கின் துகள் அதற்கு மேலே இருப்பதைப்போல மூன்று நான்கு மடங்குக்கு மேல் பெரிதாக இருந்தால் மேல் மணல் கல்லிடுக்கில் இறங்கிவிடும், ஒரே நாளில் மணல்மட்டம் தாழ்வதைப் பார்ப்பீர்கள்.

அடுக்கும்போது மூடித் துளையை விரலால் அடைத்து, உள்ளே தண்ணீர் இருக்கும்போதே மணலைப் போடுங்கள், காற்று சிக்காது. அப்புறம், ஊற்றும் தண்ணீர் மணலில் குழி பறிக்காமல் இருக்க மேலே ஒரு துண்டுத் துணியோ நாலு கூழாங்கல்லோ. உங்கள் ஆசைக்கு அது மட்டும் மேலே இருக்கட்டும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி: மணல் ஜல்லடை மாதிரிதானே? ஓட்டையைவிடச் சின்ன மண்துகள் எப்படி நிக்குது?

இந்தக் கேள்வியைக் கேட்கும் நடுவர் கிடைத்தால் நீ அதிர்ஷ்டசாலி. 0.3 மி.மீ. மணலை எடுத்துக்கொள். மூன்று மணல்மணிகள் ஒட்டி நிற்கும் இடத்தில் மிஞ்சும் இடுக்கு மணியின் ஆறு, ஏழில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 0.05 மி.மீ. களிமண் துகள் 0.002 மி.மீ. அல்லது அதற்கும் கீழே, பாக்டீரியா பலவும் 0.001 மி.மீ. அளவுதான். ஜல்லடைக் கணக்கில் பார்த்தால் இவை கைவீசிக்கொண்டு போய்விடலாம்.

இருந்தும் கொஞ்சம் நிற்கிறது. மணிகளுக்கு நடுவே தண்ணீர் வளைந்து வளைந்து போகும்போது துகள் எங்காவது மோதி ஒட்டுகிறது, அல்லது சந்தில் படிகிறது. ஒட்டுவதற்குத் தடை என்னவென்றால், தண்ணீரில் மணலுக்கும் களிமண்ணுக்கும் பொதுவாக எதிர்மின்சுமை, ஒன்றையொன்று தள்ளும். அதனால்தான் வண்டல் நன்றாக நிற்கிறது, களிமண்ணின் பால்போன்ற மங்கல் மட்டும் அடம்பிடிக்கிறது. படிகாரம் இந்தச் சுமையைத் தணித்துத் துகள்களைத் திரளாகச் சேர்த்துவிடும். 1 கிராம் படிகாரத்தை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து, அதிலிருந்து 4 மி.லி.யை ஒரு லிட்டர் கலங்கல் நீரில் விட்டு, ஐந்து நிமிடம் மெதுவாகக் கலக்கிப் பார். பஞ்சுபோலத் திரளும். திரளவில்லை என்றால் இன்னும் 2 மி.லி. விடு. ஆனால் மணல் மட்டும் செய்ததையும் படிகாரம் சேர்த்துச் செய்ததையும் தனித்தனியாகக் காட்டு, கலந்து சொன்னால் பெருமை முழுக்க மணலுக்குப் போய்விடும்.

ஓர் ஆசிரியர்: "எவ்வளவு தெளிந்தது" என்று எண் கேட்கிறார்கள். எங்களிடம் கருவி கிடையாது.

அடி தட்டையான உயரக் கண்ணாடிக் குவளையும், காகிதத்தில் பேனாவால் போட்ட பெருக்கல் குறியும் போதும். குறியின் மேல் குவளையை வைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மேலிருந்து பார்க்கும்போது குறி மறையும் உயரத்தை அளக்கவும். உயரம் கூடினால் தெளிவு கூடியது. மூன்று முறை அளந்து நடுவில் வருவதை எடுங்கள், பிள்ளைகளின் கண் ஆசைப்பட்டு ஏமாறும்.

நான் வீட்டில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். தோட்டத்து மண் கலந்த நீரில் 3 செ.மீ.யிலேயே குறி மறைந்தது. இருபது நிமிடத்தில் மணலில் இறங்கி வந்தது 11 செ.மீ. ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகிவிட்டது என்று குதிப்பதற்கு முன் இன்னொன்று செய்திருந்தேன்: அதே கலங்கல் நீரை ஒரு ஜாடியில் அதே இருபது நிமிடம் சும்மா வைத்திருந்தேன். அது 7 செ.மீ. ஆக, தெளிவில் பாதி வெறுமனே மண் அடியில் படிந்ததால் வந்தது, மணலின் சாமர்த்தியம் மிச்சம் மட்டும்தான். படிகாரம் போட்டு வடிகட்டியதில் 25 செ.மீ. குவளை நிறைந்தும் குறி தெரிந்தது. அந்தச் 'சும்மா வைத்த ஜாடி' இல்லாத மாதிரிக்கு நான் மதிப்பெண் குறைத்துவிடுவேன்.

ஏமாறக்கூடிய இன்னொரு இடம். மணல் இடுக்குகளில் 600 மி.லி. அளவுக்குப் பழைய தண்ணீர் நிற்கும், மேலே தேங்கியிருப்பது வேறு. முதலில் வெளியே வருவது அதுதான், நீங்கள் ஊற்றிய நீர் இல்லை. முதல் ஒரு லிட்டரை விட்டுவிட்டுப் பிறகு அளக்கவும்.

வீட்டில் கிணறு உள்ளவர்: எங்கள் கிணற்று நீர் இறைக்கும்போது கண்ணாடி மாதிரி, இரண்டு மணி நேரத்தில் மஞ்சளாகிவிடுகிறது. இந்தப் பாட்டிலில் வடிகட்டிக் குடிக்கலாமா?

குடிக்கக் கூடாது. இது காட்சிப்பொருள், கிருமிக்கு இதில் உத்தரவாதம் கிடையாது. ஆனால் நீங்கள் சொல்வது கரைந்த இரும்பு போலத் தெரிகிறது. இறைத்த உடனே ஊற்றினால் பெரும்பாலும் மணலைத் தாண்டிவிடும். காற்றுப்பட வைத்து மஞ்சளான பிறகு ஊற்றினால் அது துருத்துகள், நன்றாகவே நிற்கும். ஒரே இரும்பு, கரைந்திருந்தால் போகும், துகளானால் நிற்கும். இதையே ஒரு குழந்தை கண்காட்சிக்கு எடுத்துப் போகலாம். குடிப்பதைப் பற்றி முடிவெடுக்க நீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவன்: உப்பும் சாயமும் நிக்காதுன்னு படிச்சேன். ஆனா என் நீலச் சாயம் மணல்லயே பிடிச்சுடுச்சு, சிவப்பு மட்டும் வந்துடுச்சு. உப்பும் முதல் டம்ளர்ல கம்மியா இருந்துச்சு.

உப்பு பற்றிய பதில் மேலேயே இருக்கிறது, முதல் டம்ளர் பழைய தண்ணீர். இன்னும் ஒரு லிட்டர் உப்புநீர் ஊற்று, வெளியே வரும் நீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் காய வை, ஊற்றிய நீரின் சொட்டையும் பக்கத்தில் காய வை. வெள்ளைத் திட்டு இரண்டிலும் ஒன்றுபோல இருக்கும். நாக்கில் வைத்துப் பார்க்காதே.

நீலம் சுவாரசியம். சில சாயங்களுக்கு நேர்மின்சுமை உண்டு, மெத்திலீன் நீலம் அப்படி, அது எதிர்மின்சுமை உள்ள மணலில் ஒட்டும். உன்னுடையது அதுதானா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. தொடர்ந்து ஊற்றிக்கொண்டே இரு. ஒட்டும் இடம் தீர்ந்ததும் நீலம் வெளியே வந்தால், "எந்த லிட்டரில் வந்தது" என்பதுதான் உன் முடிவு.

இடையில் ஒருவர்: கரி ஒரு அடுக்கு போட்டால் சாயப் பிரச்சினையே இல்லையே, ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

போடலாம், சாயம் குறையும். ஆனால் அப்புறம் எதை மணல் பிடித்தது, எதைக் கரி பிடித்தது என்று அந்தப் பையனால் சொல்ல முடியாது. இரண்டு பாட்டில் செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அதே நபர்: ஒரே பாட்டிலில் எல்லாம் இருந்தால்தான் பார்க்கிறவர்களுக்குப் பிடிக்கும். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, விடுங்கள்.

கல்லூரி மாணவி: மணல் வடிகட்டி காலராவையே தடுத்தது என்று வரலாற்றில் வருகிறதே. நீங்கள் கிருமிக்கு உத்தரவாதம் இல்லை என்கிறீர்கள்?

இரண்டும் உண்மை. 1892இல் ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் கொடுத்தது, காலராவில் 8,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒட்டியே இருந்த ஆல்டோனா, ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு வரும் அதே ஆற்று நீரை எடுத்து மணலில் வடிகட்டிக் கொடுத்தது, அங்கே பாதிப்பு மிகக் குறைவு. ஆனால் அது மெதுவான மணல் வடிகட்டி. மணலின் மேல்பரப்பில் வாரக்கணக்கில் வளரும் நுண்ணுயிர்ப் படலம்தான் அதில் கிருமிகளைத் தின்றும் பிடித்தும் வைக்கிறது.

வேகத்தைப் பாருங்கள். பாட்டிலின் குறுக்குப்பரப்பு சுமார் 90 ச.செ.மீ. ஐந்து நிமிடத்தில் ஒரு லிட்டர் இறங்கினால் மணிக்கு 1.3 மீட்டர் வேகம். மெதுவான வடிகட்டியில் மணிக்கு 0.1 முதல் 0.3 மீட்டர்தான். 0.1க்குக் கொண்டுவர ஒரு மணி நேரத்துக்கு 0.9 லிட்டர் மட்டும் விட வேண்டும், அதுவும் வாரக்கணக்கில் மணல் காயாமல். நேற்று கட்டிய பாட்டிலில் அந்தப் படலம் எங்கிருந்து வரும்?

எட்டாம் வகுப்பு மாணவன்: சார், கழுவிப் போட்டேன், தெளிவா வருது! ஆனா பத்துப் பன்னிரண்டு டம்ளர் ஊத்தினதும் சொட்டு சொட்டா ஆயிடுச்சு.

மேல் மணலைக் கரண்டியால் ஒரு செ.மீ. சுரண்டிப் பார். சுரண்டினது பழுப்பாகவும் அதற்குக் கீழே சுத்தமாகவும் இருந்தால் அடைப்பு அங்கேதான், கழுவிய மணல் கொஞ்சம் தூவினால் ஓடும். கீழேயும் சுத்தம், மேலேயும் சுத்தம், ஆனாலும் ஓடவில்லை என்றால் நடுவில் மணல் காய்ந்து காற்று சிக்கியிருக்கிறது, அடியிலிருந்து தண்ணீர் ஏற்றி வெளியேற்று. சுரண்டிய பழுப்பு மண்ணைக் கொட்டிவிடாதே தம்பி, ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வை.