ஆறு வீட்டுக்கு ஒரு பொலிகாளை: கையெழுத்துப் போடுமுன்

கேள்வி: பக்கத்து வயல்காரர் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார். ஆறு வீடு சேர்ந்து பொலிகாளை ஒன்று வாங்கலாம், செலவை ஆறாகப் பிரிக்கலாம், காளை வீட்டுக்கு இரண்டு மாதம் நிற்கட்டும் என்கிறார். எனக்கு இரண்டு மாடு. சிவகங்கை மாவட்டம், கல்லல் பக்கம். சேரலாமா?

சேரலாம். ஆனால் இந்தக் கடிதத்தில் இருக்கிறபடி சேர வேண்டாம். உங்கள் பக்கத்து வயல்காரர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார், அவர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் எழுதிய மூன்று வரியில் இரண்டை மாற்ற வேண்டும், எழுதாமல் விட்டவற்றைச் சேர்க்க வேண்டும்.

முதலில் அந்த இரண்டு மாதக் கணக்கு. காளை தை, மாசி உங்கள் கொட்டிலில் நிற்கிறது என்று வையுங்கள். உங்கள் மாடு மாசிக் கடைசியில் கன்று போடுகிறது. ஈன்று அறுபது நாளாவது கழித்துத்தான் மறுபடி காளைக்குப் போட வேண்டும், அதாவது சித்திரைக் கடைசி. அப்போது காளை வேறு வீட்டில். மறுபடி உங்கள் முறை வருவது அடுத்த தையில். நடுவில் எட்டு மாதம் மாடு 21 நாளுக்கு ஒரு தரம் பருவத்துக்கு வந்து கத்திவிட்டு அடங்கும். தையில் சினை பிடித்தாலும் கன்று போட இன்னும் ஒன்பதரை மாதம். ஈத்துக்கு ஈத்து ஏறக்குறைய இருபது மாதம் ஆகிவிடும். மாடு எந்த மாதம் கன்று போடும் என்று யாரும் முறை வைத்துச் சொல்ல முடியாது, அதனால் காளைக்கு மட்டும் முறை வைத்துப் பயனில்லை.

இன்னொன்றும் உண்டு. கொட்டிலிலேயே காளை நின்றால் எந்த நாளில் எந்த மாட்டை மிதித்தது என்று தெரியாது. ஒன்றேகால் வயதுக் கிடேரியையும் விடாது. இடுப்பு விரியாத கிடேரி சினையானால் கன்று போடும்போது தாயும் போகும், கன்றும் போகும். ஆகவே காளை ஒரே வீட்டில் நிற்கட்டும், மாடுகள் அங்கே நடந்து வரட்டும். நடை இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் நல்லது. நிறுத்துகிற இடம் மணலோ சரளையோ போட்டதாக இருக்க வேண்டும். சிமெண்டுத் தரையில் ஒரு தரம் பின்னங்கால் வழுக்கிய காளை அதற்குப் பிறகு ஏறவே தயங்கும். காளையைப் பிடிக்க ஒருவர், மாட்டைப் பிடிக்க ஒருவர், இரண்டு பேருமே பெரியவர்கள். பள்ளிக்கூடப் பிள்ளை கையில் மூக்கணாங்கயிற்றைக் கொடுக்கக் கூடாது, காளை எவ்வளவு சாதுவாக இருந்தாலும் சரி.

அடுத்தது பணம். விலை ஊருக்கு ஊர் மாறும், நான் வைக்கிற தொகையை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 400 கிலோ எடையுள்ள காளைக்கு நாளைக்கு ஆறு கிலோ வைக்கோல், கிலோ எட்டு ரூபாய் என்றால் 48. அடர்தீவனம் இரண்டு கிலோ, 32 ரூபாய் வீதம் 64. தாது உப்பும் கல்லுப்பும் சேர்த்து எட்டு. மொத்தம் 120 ரூபாய். பசும்புல்லை அவரவர் வயலில் அறுத்துப் போடுவதாக வைத்தேன். வருடத்துக்கு 43,800. காளையைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு மாதம் 1,500 வீதம் 18,000. சாணி அந்த வீட்டுக்கே போகும், அதனால் இந்தக் கூலி போதும். தடுப்பூசி, மருந்து, கயிறு, காப்பீடு 4,200. ஆக 66,000.

கடிதத்தின்படி வீட்டுக்கு 11,000. ஆறு வீட்டிலும் சேர்த்து 16 மாடு, அதில் பக்கத்து வயல்காரருக்கு ஐந்து, உங்களுக்கு இரண்டு, இன்னொரு வீட்டில் ஒன்றே ஒன்று என்று வையுங்கள். மாட்டுக்குப் பிரித்தால் ஒரு மாட்டுக்கு 4,125. அப்படியானால் நீங்கள் கொடுக்க வேண்டியது 8,250, ஐந்து மாட்டுக்காரர் 20,625, ஒற்றை மாட்டுக்காரர் 4,125. சம பங்கு என்பது இங்கே ஒற்றை மாட்டு வீடு ஐந்து மாட்டு வீட்டுக்குத் தீவனம் போடுவது. காளை வாங்கும் விலையை மட்டும் ஆறாகப் பிரியுங்கள், விற்கும்போது வருகிற பணமும் ஆறாகப் பிரியும். தீவனமும் கூலியும் மாட்டு எண்ணிக்கைப்படி இருக்கட்டும். இதை நேரில் பேசக் கூச்சமாக இருந்தால் கணக்கைத் தாளில் எழுதிக் கொடுங்கள், கோபத்துக்கு இடமில்லை.

இந்த 4,125 அதிகம்தான். அரசு மருந்தகத்தில் சினை ஊசிக்கு ஆகிற செலவு இதன் பக்கத்திலேயே வராது. கால்நடை மருத்துவம் படித்தவர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நான் சினை ஊசிக்கு எதிரி இல்லை. சரியான நேரத்தில் ஆள் வந்து போட்டால் காளையே வேண்டாம். ஆனால் மாடு காலையில் கத்தினால் சாயங்காலம் போட வேண்டிய ஊசியை, மறுநாள் மதியம் வந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுவும் இல்லை. பருவம் நிற்பது பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மணி நேரம், நாட்டு மாட்டில் இன்னும் குறையும். ஒரு பருவம் தவறினால் 21 நாள் போச்சு. நாளைக்கு 100 ரூபாய் தின்கிற மாடு அந்த 21 நாளில் 2,100 ரூபாயைத் தின்று முடிக்கும். அதனால் உங்கள் இரண்டு மாட்டுக்கும் போன ஈத்தில் எத்தனை ஊசி ஆயிற்று என்று பாருங்கள். ஒன்று இரண்டில் நின்றிருந்தால் இந்தக் கூட்டே உங்களுக்கு நட்டம். நாலு ஐந்து ஆகியிருந்தால் காளை லாபம். நன்கு வளர்ந்த காளை வருடத்துக்கு ஐம்பது மாட்டுக்குத் தாங்கும், ஆகவே இன்னும் நாலைந்து வீட்டைச் சேர்த்து 32 மாடு ஆக்கினால் மாட்டுக்கு 2,062-க்கு இறங்கிவிடும். வாரத்துக்கு இரண்டு மூன்று தரத்துக்கு மேல் மட்டும் விடாதீர்கள்.

கடிதத்தில் இல்லாத விஷயம் நோய். இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். டிரைக்கோமோனாஸ், கேம்பைலோபேக்டர் என்று இரண்டு கிருமிகள் காளையின் குறி உறைக்குள் தங்கும். காளை நன்றாகத் தின்னும், நன்றாக ஏறும், வெளியே ஒரு அடையாளமும் காட்டாது. மாட்டுக்கு மாடு கொண்டு சேர்த்துக்கொண்டே இருக்கும். கூட்டுக் காளையில் இது பெரிய ஆபத்து, ஏனென்றால் ஒரு வீட்டு மாட்டில் இருப்பது ஆறு வீட்டுக்கும் போய்விடும். கன்று வீச்சு நோய் இதைவிட மோசம். மாடு சினையின் பிற்பாதியில் கன்றை வீசும், வீசின கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொட்டவருக்கும் விட்டு விட்டுக் காய்ச்சல் வரும்.

ஆகவே வாங்குவது இரண்டரை, மூன்று வயதுக் காளையாக, இதுவரை எந்த மாட்டுக்கும் போடாததாக இருக்கட்டும். வாங்குமுன் கன்று வீச்சு நோய்க்கு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே மாடுகளுக்குப் போட்ட காளை என்றால் குறி உறையைக் கழுவி எடுத்த நீரை வாரத்துக்கு ஒன்றாக மூன்று தரம் பரிசோதிக்கச் சொல்லுங்கள், ஒரு தரம் பார்த்து இல்லை என்றால் நம்ப முடியாது. வந்த காளையை ஒரு மாதம் தனியே கட்டுங்கள். கூட்டில் சேரும் எல்லா மாட்டுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு, உங்கள் மாடு உட்பட. கன்று வீச்சு தடுப்பூசி நாலிலிருந்து எட்டு மாதக் கிடேரிக் கன்றுக்கு ஒரே தரம்தான், காளைக்குப் போடக் கூடாது. பட்டியலில் இல்லாத மாட்டுக்குக் காளை கிடையாது, கேட்டு வருவது மைத்துனராகவே இருந்தாலும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு காளை நிற்கும் வீட்டில் தொங்கட்டும். ஒரு வரி இப்படி இருக்கும்: ‘ஆனி 4, காலை. மேலத்தெரு சிவப்பு மாடு, மூன்றாம் ஈத்து. இரண்டு தரம் ஏறியது. பார்க்க வேண்டிய நாள் ஆனி 25.’ அந்த 25-ஆம் தேதியை ஒட்டி மாடு மறுபடி கத்தினால் சினை நிற்கவில்லை, அவ்வளவுதான், திரும்பப் போடலாம். ஆனால் 30, 40 நாளில் தாறுமாறாக ஒன்றுக்கு மேற்பட்ட மாடு கத்தினாலோ, மாட்டின் பிறப்புறுப்பிலிருந்து சீழ் வடிந்தாலோ அன்றைக்கே காளையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். நோட்டு இல்லாத கூட்டில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, ஒரு வருடம் கழித்து ‘என்னவோ மாடெல்லாம் சினை பிடிக்கலை’ என்று பேசிக்கொண்டிருப்பார்கள். கோமாரியோ வேறு கடும் காய்ச்சலோ காளைக்கு வந்து போனாலும் நோட்டில் குறியுங்கள். விந்து உருவாகவே இரண்டு மாதம் ஆகும், அந்த இரண்டு மாதம் ஏறினாலும் சினை நிற்பது சந்தேகம்.

எந்த இனம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. உங்கள் மாடு நாட்டு மாடு என்றால் புலிக்குளம் காளை நம் வறண்ட மண்ணுக்கு ஏற்றது. மானாமதுரையில் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, செட்டிநாட்டிலேயே அரசு கால்நடைப் பண்ணை இருக்கிறது. இரண்டு இடத்திலும் விசாரித்துவிட்டு வாங்குங்கள். சிறிய நாட்டுக் கிடேரிக்குப் பெரிய கலப்பினக் காளையைப் போட்டால் கன்று பெருத்துச் சிக்கும். ஆறு வீட்டில் பாதி ஜெர்சிக் கலப்பு, பாதி நாடு என்றால் ஒரே காளை இரண்டுக்கும் பொருந்தாது. கலப்பு மாட்டுக்கு நாட்டுக் காளையைப் போட்டால் பிறக்கிற கிடேரியில் பால் குறையும், கலப்பு மாட்டுக்காரர்கள் ஊசிக்கே போகட்டும்.

இதை எழுதும்போது மனசு பொறுக்கவில்லை, ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ஊர் கோவில் காளை இருந்த பக்கம் இது. அது எந்த வயலில் மேய்ந்தாலும் யாரும் அடிக்க மாட்டார்கள், ஊர் மாடெல்லாம் அதற்குத்தான் சினையாகும், யாரும் பங்கு எழுதவில்லை. இப்போது இருக்கிற நல்ல காளைகளை மஞ்சுவிரட்டுக்கென்று கட்டி வைத்து, மாட்டுக்கு விட்டால் வேகம் போய்விடும் என்று விடுவதே இல்லை. வாடியில் நன்றாகப் பாய்ந்த காளைக்கு ஒரு கன்றுகூட இல்லாமல் போவது என்ன நியாயம்? மேய்ச்சலும் போச்சு, கண்மாய் உள்வாயெல்லாம் சீமைக் கருவேலம். அறுவடை முடிந்த கையோடு இயந்திரம் வைக்கோலைச் சுருட்டி லாரியில் ஏற்றிவிடுகிறது, மிச்சத்தை நாம் எட்டு ரூபாய்க்கு வாங்குகிறோம்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். முடிகிற தேதியும் அதில் வேண்டும். இந்தக் காளைக்குப் பிறந்த முதல் கிடேரி பருவத்துக்கு வருமுன் காளை ஊரை விட்டுப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் அப்பனே மகளுக்குப் போடுவான். வந்து இரண்டு வருடம் என்று எழுதுங்கள். விற்கலாம், அல்லது இதே மாதிரிப் பரிசோதனை செய்த பக்கத்து ஊர்க் கூட்டோடு மாற்றிக்கொள்ளலாம். நடுவில் ஒரு வீடு விலகினால் வாங்கின பங்கு உடனே கிடைக்காது, காளை விற்கும்போதுதான் என்பதும் இருக்கட்டும். காளை செத்துப்போனால் காப்பீட்டுப் பணம் ஆறு பங்கு, அதற்குக் காதில் அடையாளத் தோடு இருக்க வேண்டும், தோடு விழுந்தால் உடனே தெரிவித்து மறுதோடு போட வேண்டும். 2019-ல் மாநில அரசு கொண்டுவந்த மாட்டினப் பெருக்கச் சட்டம் பொலிகாளைக்குச் சான்று கேட்கிறது, அதை யார் பெயரில் வாங்குவது என்பதையும் உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டு அதே தாளில் எழுதி, ஆறு பேரும் கையெழுத்துப் போட்டபின் சந்தைக்குப் போங்கள்.