முக்கோணவியல் பயிற்சித்தாள்: கால்குலேட்டர் விடை ஏன் ஒத்துப்போகவில்லை?

கேள்வி: செங்கோண முக்கோணக் கணக்குகளில் வழிமுறையெல்லாம் சரியாகத்தான் எழுதுகிறேன், ஆனால் கால்குலேட்டர் தரும் விடை விடைக்குறிப்போடு சேரவே இல்லை. சில கணக்குகள் மட்டும் சரியாக வருகின்றன. எங்கே தப்பு?

முதலில் கால்குலேட்டரில் sin 30 போட்டுப் பாருங்கள். 0.5 அல்லது 1/2 வந்தால் அது பாகையில் இருக்கிறது, வேறு இடத்தில்தான் தேட வேண்டும். −0.988 வந்தால் ரேடியன். 0.454 வந்தால் கிரேடியன், அதாவது செங்கோணத்தை 100 பங்காக்கும் அளவு. கேசியோ மாடல்களில் திரையின் மேலே D, R, G என்று சின்னதாக ஒரு எழுத்தும் தெரியும். உங்கள் திரையில் R இருக்கும் என்றே நினைக்கிறேன்.

டிப்ளமோ படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வகையீடு, தொகையீடு பாடத்துக்காக ரேடியனுக்கு மாற்றியவர்கள் அப்படியே விட்டுவிட்டு முக்கோணக் கணக்குக்கு வந்துவிடுவார்கள். AC அழுத்தினாலும் அணைத்துப் போட்டாலும் அந்த அமைப்பு மாறாது.

இதில் சிக்கலே, தப்பான விடை எல்லா நேரமும் தப்பாகத் தெரியாது என்பதுதான். கர்ணம் 12 செ.மீ., கோணம் 35°, எதிர்ப்பக்கம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சரியான விடை 12 × 0.5736 = 6.88. ரேடியனில் sin 35 என்பது −0.428, அதனால் −5.14 வரும். பக்கத்தின் நீளம் மைனஸில் இருக்க முடியாது, அங்கேயே பிடித்துவிடலாம். ஆனால் கர்ணம் 10, கோணம் 20° என்றால்? எதிர்ப்பக்கம் 3.42 வர வேண்டிய இடத்தில் 9.13 வரும். பிளஸ் எண், கர்ணத்தைவிடச் சிறியது, பார்க்க ஒழுங்காக இருக்கிறது. அடுத்துள்ள பக்கத்தையும் கண்டுபிடித்தால் 4.08. பிதாகரஸ் தேற்றத்தில் போட்டுச் சரிபார்த்தாலும், 9.13-ன் வர்க்கமும் 4.08-ன் வர்க்கமும் சேர்ந்து 100 வந்துவிடும்! ஏனென்றால் கால்குலேட்டர் தப்பு எதுவும் செய்யவில்லை, வேறொரு முக்கோணத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறது. 20 ரேடியன் என்பது சுமார் 1146 பாகை. மூன்று முழுச் சுற்று, அதாவது 1080 போனால் மிச்சம் 65.9°. அந்த 65.9° முக்கோணத்தின் பக்கங்கள்தான் உங்களுக்குக் கிடைத்தவை.

அதனால் பிதாகரஸை நம்பாமல் படத்தைப் பாருங்கள். கோணம் 45°-க்குக் குறைவாக இருந்தால் அதன் எதிர்ப்பக்கம் அடுத்துள்ள பக்கத்தைவிடச் சிறியதாகத்தான் இருக்க வேண்டும். 20°-க்கு எதிரே 9.13-ம், பக்கத்தில் 4.08-ம் வந்தால் அது நடக்காத காரியம்.

கோணம் கண்டுபிடிக்கும் கணக்கில் அடையாளம் வேறு மாதிரி. எதிர்ப்பக்கம் 6, கர்ணம் 10 என்றால் sin⁻¹(0.6) = 36.87° வர வேண்டும், ரேடியனில் 0.6435 வரும். குறுங்கோணம் எதுவானாலும் ரேடியனில் 1.571-ஐத் தாண்டாது. விடைகளெல்லாம் இப்படிப் பொடியாக வந்தால் காரணம் இதுதான். இந்த வகையை அழிக்கக்கூட வேண்டாம், 180-ஆல் பெருக்கி π-ஆல் வகுத்தால் சரியான பாகை வந்துவிடும். பக்கம் கண்டுபிடித்த கணக்குகளுக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது, திரும்பத்தான் போட வேண்டும்.

சரி, சில கணக்குகள் மட்டும் எப்படிச் சேர்ந்தன? பக்கங்களைக் கொடுத்து sin A, cos A என்ற விகிதத்தை மட்டும் கேட்டிருந்தால் வெறும் வகுத்தல்தான், அலகுக்கு அங்கே வேலையே இல்லை. sin⁻¹(0.6) கண்டுபிடித்து அதையே உடனே cos-க்குள் போட்டாலும் எந்த அமைப்பிலும் 0.8 வரும், போகும்போதும் திரும்பும்போதும் ஒரே அலகு என்பதால்.

மாற்றுவதற்கு: fx-991ES என்றால் SHIFT, MODE, பிறகு 3. fx-991EX என்றால் SHIFT, MENU, 2, 1. எக்செலில் போட்டுப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது, அதன் SIN ரேடியனை மட்டுமே எடுத்துக்கொள்ளும், அதனால் `=12*SIN(RADIANS(35))` என்று எழுத வேண்டும். போனில் இருக்கும் கால்குலேட்டர்களில் அந்தப் பட்டனை நம்ப வேண்டாம், சிலவற்றில் Rad என்று எழுதியிருந்தால் 'அழுத்தினால் ரேடியனுக்கு மாறும்' என்று பொருள், இப்போது இருப்பது பாகை. அங்கேயும் sin 30 போட்டுப் பார்ப்பதுதான் வழி.

பாகைக்கு மாற்றிய பிறகும் 6.88-க்குப் பதில் 6.84 மாதிரி கொஞ்சமாக விலகினால் அது அமைப்பின் தப்பு இல்லை, sin 35°-ஐ நடுவிலேயே 0.57 என்று சுருக்கிவிட்டீர்கள். 12 × sin 35 என்று ஒரே வரியில் போட்டு, கடைசியில் மட்டும் சுருக்குங்கள்.