வயதான பூனைக்கு நம் வலி மாத்திரை: கால் துண்டும் கூடாது

கேள்வி: எங்கள் பூனைக்கு 17 வயது முடிந்துவிட்டது. போன வருடம் 4.2 கிலோ இருந்தவள் இப்போது 3.5 கிலோ. கட்டில் மேல் ஒரே தாவில் ஏறுகிறவள் இப்போது கீழே நின்று யோசிக்கிறாள், பின்னங்கால் விறைப்பாக இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு வரை வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறாள். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி இரண்டு மணிக்கு வீடு அதிரக் கத்தல். மருத்துவமனையில் "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்று ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள். நான்கு நாள் நன்றாகச் சாப்பிட்டாள், மறுபடி பழையபடி. எங்கள் வலி மாத்திரையில் கால் துண்டு கொடுக்கலாமா? கடையில் மூட்டுப் பவுடர் ஒன்றும் வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: கொடுக்காதீர்கள். வீட்டில் இருப்பது பாராசிட்டமால் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். அதை உடைத்து வெளியேற்ற நம் கல்லீரலில் இருக்கும் வழி பூனையின் கல்லீரலில் சரியாக வேலை செய்வதில்லை. தேங்கும் நச்சு ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும். ரத்தம் பழுப்பாகி ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். 500 மி.கி. மாத்திரையில் கால் துண்டு 125 மி.கி. உங்கள் பூனையின் எடைக்கு அது கிலோவுக்குச் சுமார் 36 மி.கி. கிலோவுக்கு 10 மி.கி.யிலேயே பூனைகளில் நச்சு தெரிந்திருக்கிறது. யாராவது ஏற்கெனவே கொடுத்திருந்தால், ஈறு பழுப்பாவதற்கும் முகம் வீங்குவதற்கும் காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் போனால்தான் பலன். ஐபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள் வேறு வழியில், வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

"சரி, நாய்க்கு எழுதித் தந்த மருந்து மீதி இருக்கிறது, அது மிருகத்துக்கானதுதானே" என்று அடுத்து யாராவது சொல்வார்கள். மெலாக்ஸிகாம் என்ற வலிச் சொட்டு மருந்து பூனைகளுக்கும் தரப்படுகிறது, உண்மைதான். ஆனால் நாய்க்கான பாட்டிலில் ஒரு மில்லிக்கு 1.5 மி.கி., பூனைக்கான பாட்டிலில் 0.5 மி.கி. பாட்டில் மாறினால், அதே அளவு சொட்டில் மூன்று மடங்கு மருந்து உள்ளே போகும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் சரியான பாட்டிலைக்கூடத் திறக்கக் கூடாது.

இப்போது அந்த ஊசிக்கு வருகிறேன். என்ன ஊசி என்று சீட்டில் எழுதியிருக்கிறார்களா? நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஸ்டீராய்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு பசியைத் தூண்டும், வலியையும் கொஞ்சம் மறைக்கும். நாலு நாள் பூனை தட்டைக் காலி செய்யும், நீங்களும் "நல்ல டாக்டர்" என்று சொல்லிக்கொண்டு வருவீர்கள். உள்ளே இருந்த நோய் அப்படியே இருக்கும். அதிலும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும் வகை என்றால் போட்ட பிறகு திரும்ப எடுக்க வழியில்லை. பூனைக்குச் சர்க்கரை நோயைக் கிளப்பிவிடலாம், மறைந்திருக்கும் இதய நோயை முற்ற வைத்துவிடலாம். அது உடம்பில் இருக்கும்போது மேலே சொன்ன மெலாக்ஸிகாமும் சேர்ந்தால் வயிற்றுப் புண், ரத்தக் கசிவு வரலாம். ஆகவே முதல் வேலை, அந்த மருந்தின் பெயரை எழுதி வாங்குவது. தயங்கினால் விடாதீர்கள், அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாமல் 17 வயது பூனைக்குப் "பசி ஊசி" போட்டு அனுப்பும் பழக்கத்தை நான் என்றைக்கும் ஏற்றுக்கொண்டதில்லை. கால்நடை மருத்துவத்தில் ரொம்ப நாளாகப் பூனை என்பது "சின்ன நாய்"தான். அந்த அலட்சியம் இன்னும் முழுக்கப் போகவில்லை.

வயசு ஒரு நோய் அல்ல. ஒரு வருடத்தில் 700 கிராம் என்பது அவளுடைய உடம்பில் ஆறில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ இளைத்தால் யாரும் வயசு என்று விட்டுவிட மாட்டார்கள். இந்த வயதில் பெரும்பாலான பூனைகளுக்கு எக்ஸ்ரே எடுத்தால் மூட்டுத் தேய்மானம் தெரியும். அதனால் விறைப்புக்குக் காரணம் மூட்டுதான் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூட்டு வலி மட்டும் இவ்வளவு எடையைத் தின்றுவிடாது. கூடவே இன்னொன்று இருக்கிறது. இந்த வயதில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை சிறுநீரகமும் தைராய்டும்.

சாப்பாட்டை மறுக்கும் விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. வாய் வலி உள்ள பூனை ஆசையாக வந்து கவ்வும், ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மெல்லும், வாயிலிருந்து கீழே போடும். மூட்டு வலி மட்டும் உள்ள பூனைக்குத் தட்டு வரை நடக்கத்தான் சோம்பல்; தட்டைப் பக்கத்தில் வைத்தால் சாப்பிட்டுவிடும். வந்து, முகர்ந்து, உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினால் அது பெரும்பாலும் குமட்டல். உங்கள் பூனை செய்வது மூன்றாவது. கழிவு ரத்தத்தில் தேங்கும் சிறுநீரக நோயில் இது வழக்கமான காட்சி. தண்ணீர் முன்பைவிட அதிகம் குடிக்கிறாளா, மணல் தட்டில் ஈரக் கட்டிகள் பெரிதாகின்றனவா என்று இன்றிலிருந்தே கவனியுங்கள்.

அடுத்த முறை போகும்போது இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: ரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம், சர்க்கரை, தைராய்டுக்கான டி4, சிறுநீரின் அடர்த்தி, வாய்ப் பரிசோதனை, பிறகு ரத்தக் கொதிப்பு. கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் செய்வதில்லை. கருவி இருக்கும், பொறுமை இருக்காது. சிறுநீரக நோயும் தைராய்டும் பூனைக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றும், அது ராத்திரி கத்தலுக்கு ஒரு முக்கியக் காரணம். சரியாக அளக்க வேண்டுமானால் ரத்தம் எடுப்பதற்கு முன்பே, சத்தமில்லாத அறையில், பூனை ஐந்து பத்து நிமிடம் அமைதியான பிறகு, முதல் அளவை விட்டுவிட்டு அடுத்த ஐந்தாறு அளவுகளின் சராசரியை எடுக்க வேண்டும். மேல் அளவு 160-ஐத் தாண்டி நின்றால் அதற்கு மருந்து உண்டு. கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் கண்மணி விரிந்து, சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். விழித்திரை பிரிந்துவிட்டது என்று அர்த்தம். இதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் "மூளை மூப்பு, அதனால் கத்துகிறாள்" என்ற முடிவுக்கு வரலாம். முதலிலேயே அதைச் சொல்லி அனுப்புகிறவர் அளக்கச் சோம்பல்படுகிறார்.

ஒரு வேலை உங்கள் கையில் இருக்கிறது. மருத்துவமனை மேஜையில் பூனை உறைந்துபோய் உட்காரும். விறைப்பு அங்கே தெரியாது. அதனால் வீட்டில் ஃபோனில் சின்னச் சின்ன வீடியோக்கள் எடுங்கள்: நடப்பது, படி ஏறி இறங்குவது, கட்டில் முன்னால் நின்று யோசிப்பது, மணல் தட்டுக்குள் நுழைவது. இறங்கும்போது எடுப்பது முக்கியம், முன்னங்கால் மூட்டு வலி அப்போதுதான் தெரியும். ராத்திரி கத்தலையும் ஒன்று எடுத்துவிடுங்கள்.

மூட்டு வலிக்கு என்ன செய்யலாம் என்பது சோதனை முடிவைப் பொறுத்தது. சிறுநீரகம் தாங்கும் என்றால் மெலாக்ஸிகாமைக் குறைந்த அளவில், கண்காணிப்புடன் தருவார்கள். தாங்காது என்றால் ஃப்ருனெவெட்மாப் என்ற மாதம் ஒரு முறை போடும் ஊசி உண்டு. வலியைக் கடத்தும் ஒரு புரதத்தைத் தடுக்கும் எதிர்ப்பொருள் அது. அமெரிக்காவில் 2022-ல் அனுமதி பெற்றது, எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. இரண்டாவது ஊசிக்குப் பிறகுதான் பலனைக் கணிக்க முடியும். காபாபென்டினும் பயன்படும், சிறுநீரகம் பழுதானால் அளவைக் குறைக்க வேண்டும். மூட்டுப் பவுடரைப் பற்றி: அது பூனையின் வலியைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பெரிய கெடுதலும் இல்லை என்பதால்தான் கடைக்காரர் தைரியமாக விற்கிறார். அந்தப் பணத்தை டி4 பரிசோதனைக்கு வையுங்கள்.

பசி மருந்து என்றால் மிர்டாஸபின். நல்ல மருந்துதான், ஆனால் அளவு கூடினால் பூனை ராத்திரி முழுக்கத் திரிந்து கத்தும். உங்களுக்கு இருக்கும் பிரச்சினை இரட்டிப்பாகும். மனிதர்களுக்கான மாத்திரையை வீட்டில் உடைத்துக் கொடுக்காதீர்கள்.

அதுவரை உணவை லேசாக வெதுவெதுப்பாக்குங்கள், உடம்புச் சூடு போதும். கையளவு உணவாக ஒரு நாளைக்குப் பல தடவை, அவள் படுத்திருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் வையுங்கள். பிடித்த உணவுக்குள் மருந்தை ஒளிக்காதீர்கள், அந்த உணவையே வெறுத்துவிடுவாள். சிரிஞ்சால் உணவை வாயில் திணிப்பதும் அதே கதி, நுரையீரலுக்குள்ளும் போகலாம். சிறுநீரக உணவு என்று பையை மாற்றச் சொன்னால், ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு மெல்ல மாற்றுங்கள். அவளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது சுமார் 180 கலோரி வேண்டும். இரண்டு நாளாகப் பாதிகூட உள்ளே போகவில்லை என்றால் கல்லீரல் கொழுப்பில் மூழ்கத் தொடங்கலாம், அப்போது வீட்டு வைத்தியம் போதாது. வாரம் ஒரு முறை ஒரே தராசில் எடை பாருங்கள். மணல் தட்டின் நுழைவு விளிம்பைத் தாழ்வாக்குங்கள். நகத்தையும் பாருங்கள், இந்த வயதில் தடித்து வளைந்து பாதத்துக்குள் குத்திக்கொண்டிருக்கும், மூட்டு வலி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட முடியாது. விறைப்பு மெதுவாக, மாதங்களில் வரும். நேற்று நடந்த பூனை இன்று திடீரெனப் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வலியில் அலறினால் அது மூட்டு இல்லை. இதயத்தில் உருவான ரத்தக் கட்டி காலுக்குப் போகும் குழாயை அடைத்திருக்கலாம். இதயம் கெட்டிருப்பது அதற்கு முன் வெளியே தெரிந்திருக்கவே வேண்டியதில்லை. தொட்டுப் பார்த்தால் தெரியும்: பின்பாதம் முன்பாதத்தைவிடச் சில்லென்றிருக்கும், பாதத் திண்டு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கும், தொடையைப் பிடித்தால் கல்லாக இறுகியிருக்கும். ஒரு கால் மட்டும் பாதிக்கப்படலாம், வாய் திறந்து மூச்சு வாங்கலாம். அதற்காக எல்லாத் தள்ளாட்டத்தையும் கட்டி என்று பயப்படவும் வேண்டாம். கால் கதகதப்பாக, குதிகால் மட்டும் தரையில் படிந்து நடந்தால் அது சர்க்கரை நோய் நரம்பைத் தொட்டிருக்கும் விதம், அதற்கு ஒரு நாள் அவகாசம் உண்டு. சில்லென்ற காலுக்கு அவகாசம் இல்லை, விடியட்டும் என்று இருக்காதீர்கள். எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். உணர்ச்சி போன கால் வெந்துபோனாலும் அவளுக்குத் தெரியாது.