தொடக்க மதிப்பெண்ணைக் கணக்கில் எடுப்பது எப்படி?

கேள்வி: இரண்டு வகுப்புகளில் ஒன்று ஆரம்பத்திலேயே முன்னால் இருந்தது. இறுதி மதிப்பெண்ணை எப்படி நியாயமாக ஒப்பிடுவது?

இதற்கான முறைக்கு உடன்மாறுபாட்டுப் பகுப்பாய்வு, சுருக்கமாக அன்கோவா, என்று பெயர். ஒரே இடத்திலிருந்து தொடங்கியிருந்தால் இரு வகுப்பும் எங்கே முடித்திருக்கும் என்று அது மதிப்பிடுகிறது. இரண்டு ஊர்களின் வாடகையை ஒப்பிடும்போது, "ஒரே அளவு வீட்டுக்கு எவ்வளவு?" என்று கேட்போமே, அதே யோசனைதான்.

ஒரு கற்பனைக் கணக்கு: ‘அ’ வகுப்பின் சராசரி 50-லிருந்து 70 ஆனது, ‘ஆ’ வகுப்புக்கு 40-லிருந்து 66. ஒரே வகுப்புக்குள் பார்த்தால், தொடக்கத்தில் 1 மதிப்பெண் கூட இருந்தவர் முடிவில் சராசரியாக 0.6 கூட எடுக்கிறார். பொதுத் தொடக்கம் 45 என்று வைத்தால்:

அ: 70 − 0.6 × 5 = 67
ஆ: 66 + 0.6 × 5 = 69

4 மதிப்பெண் பின்தங்கிய ‘ஆ’ இப்போது 2 முன்னால்.

இறுதியிலிருந்து தொடக்கத்தைக் கழித்து முன்னேற்றத்தை மட்டும் பார்த்தால் (20, 26) வித்தியாசம் 6 வருமே என்பீர்கள். அந்தக் கழித்தல், தொடக்க 10 மதிப்பெண் முழுசாகக் கடைசிவரை நிலைக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் முதல் தேர்வில் அதிர்ஷ்டத்தில் வந்ததும் உண்டு. அது அடுத்த தேர்வுக்குத் தொடர்ந்து வராது. 0.6 என்பது நிலைக்கும் பங்கு.

அந்தப் பங்கு இரு வகுப்பிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். தொடக்க மதிப்பெண்ணோடு இறுதி மதிப்பெண் எப்படி மாறுகிறது என்று வகுப்புக்கு ஒரு கோடாக வரைந்து, அந்த இரு கோடுகளும் வெட்டிக்கொண்டால் ஒற்றை விடை செல்லாது.

பலரும் நினைப்பதுபோல் இது இரு வகுப்பையும் எல்லா விதத்திலும் சமமாக்கிவிடாது; ‘ஆ’ மாணவர்கள் டியூஷன் போயிருந்தால், அந்தப் பலனும் இந்த 2-க்குள்தான் இருக்கும்.